இரவுப் பேருந்தில் தனியாகச் சென்னைக்கு: ஏறுமுன் வீட்டுக்கு அனுப்ப வேண்டிய விவரமும் லைவ் லொகேஷன் போடும் முறையும்

பள்ளத்தூரில் இரவு 8.45-க்கு வீட்டை விட்டுக் கிளம்பும்போதே வாட்ஸ்அப்பில் எட்டு மணி நேரத்துக்கு லைவ் லொகேஷன் போட்டுவிட்டால், அது விடிகாலை 4.45-க்கு நின்றுபோகும். காரைக்குடியில் 9.30-க்கு எடுத்த பேருந்து அப்போதுதான் செங்கல்பட்டுப் பக்கம் வந்துகொண்டிருக்கும். கிளாம்பாக்கத்தில் இருட்டோடு இறங்கி, முன்பின் தெரியாத வண்டியில் ஏறி, விடுதி வரை போவது அதற்குப் பிறகுதான். வீட்டார் பார்க்க வேண்டிய நேரம் அது. அந்த நேரத்தில் வரைபடத்தில் ஒன்றும் இருக்காது.

புதிதாகத் தனியே கிளம்பும் பிள்ளைகள் தடுக்கி விழும் இடம் பெரும்பாலும் இதுதான். லைவ் லொகேஷன் போடத் தெரியாமல் இல்லை, எப்போது போடுவது, யாருக்குப் போடுவது, எப்போது புதுப்பிப்பது என்ற வரிசை தெரியாமல் விடுகிறார்கள். காரைக்குடியிலிருந்து சென்னைக்குச் சுமார் 400 கிலோமீட்டர் போகும் இரவுப் பேருந்து ஒன்றை எடுத்துக்கொண்டு, வேளச்சேரி விடுதிக்குத் திரும்பும் ஒரு பெண்ணுக்கு இந்த வரிசை எப்படி அமையும் என்று சொல்கிறேன்.

1. முதலில் இரண்டு பேரைத் தேர்ந்தெடுங்கள்

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் லொகேஷனைப் போடாதீர்கள். பங்காளிகள், மாமன் மச்சான் என்று ஐம்பது அறுபது பேர் இருக்கும் குழுவில், எல்லாரும் அடுத்தவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுவார்கள். அதோடு, நீங்கள் தனியாக எந்த இருக்கையில் எங்கே போகிறீர்கள் என்பது அத்தனை பேருக்கும் தெரிய வேண்டியதில்லை.

இரண்டு பேர் போதும். ஒருவர் ஊரில் இருப்பவர், அம்மாவோ அப்பாவோ. இரண்டாமவர் விடிகாலையில் கட்டாயம் விழித்திருப்பவராக இருக்க வேண்டும். நம் பக்கத்துக் குடும்பங்களில் பலருக்கு இதற்கு நல்ல வழி இருக்கிறது: சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ அண்ணனோ அத்தையோ இருப்பார்கள். அங்கே நேரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால். இங்கே 4.30 என்றால் அங்கே காலை 7 மணி, வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருப்பார்கள். அம்மாவை அலாரம் வைத்து எழுப்புவதைவிட இது நிச்சயமானது. அப்படி யாரும் இல்லையென்றால், விடிகாலையில் எழுந்து பழக்கப்பட்ட ஒருவரிடம் கேளுங்கள்.

இருவரிடமும் முன்கூட்டியே பேசி, யார் எந்த நேரம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். இரவு 11 மணி வரை அம்மா, 4.30-லிருந்து அண்ணன். நடுவில் யாரும் கண்விழித்துப் பார்க்க வேண்டாம். ராத்திரி முழுக்கப் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தவர் விடியும் நேரத்தில் அசந்து தூங்கிவிடுவார்.

2. முந்தைய நாளே போனைச் சரிசெய்யுங்கள்

பேருந்து நிலையத்தில் பையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு செட்டிங்ஸ் தேட முடியாது. வீட்டில் உட்கார்ந்து இந்த நான்கையும் பாருங்கள்.

முதலில் அனுமதி. ஆண்ட்ராய்டு போனில் Settings, Apps, WhatsApp, Permissions, Location என்று போய் "Allow all the time" என்பதைத் தேர்ந்தெடுங்கள். அங்கேயே "Use precise location" என்று இருந்தால் அதுவும் போட்டிருக்க வேண்டும். "Allow only while using the app" என்று விட்டிருந்தால், திரையை அணைத்துப் பையில் போட்டதும் பகிர்வு தடைப்படலாம். ஐபோனில் இதே இடத்தில் "Always" என்று இருக்கும்.

இரண்டாவது பேட்டரி சிக்கனம். Battery Saver போட்டிருந்தால் பின்னணியில் ஓடும் செயலிகளைப் போன் நிறுத்திவைக்கும். சில கம்பெனி போன்கள் கேட்காமலே இதைச் செய்யும். வாட்ஸ்அப்புக்கான பேட்டரி அமைப்பில் "Unrestricted" என்று இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள்.

மூன்றாவது ரீசார்ஜ். இதை யாரும் நினைப்பதில்லை. ஜி.பி.எஸ். இணையம் இல்லாமலே உங்கள் இடத்தைக் கண்டுபிடித்துவிடும், ஆனால் அதை வீட்டுக்கு அனுப்ப டேட்டா வேண்டும். பேக் இன்று நள்ளிரவோடு முடிகிறதென்றால், திருச்சி தாண்டியதும் நீங்கள் வீட்டாரின் கண்ணிலிருந்து மறைந்துவிடுவீர்கள். அன்றாட டேட்டாவைச் சாயங்காலமே படம் பார்த்துத் தீர்த்துவிட்டாலும் இதே கதைதான், வேகம் படுத்துவிடும்.

நான்காவது சார்ஜ். லைவ் லொகேஷன் இரவு முழுக்க ஓடினால் பேட்டரி நன்றாக இறங்கும். பேருந்தில் சார்ஜ் போடும் இடம் இருக்கிறது என்று டிக்கெட்டில் போட்டிருந்தாலும் அதை நம்பிப் போக வேண்டாம். 10,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் ஒன்றும் அதற்கான வயரும் கைப்பையில் இருக்கட்டும். டிக்கியில் போகும் பெரிய பைக்குள் வைத்தால் இருந்தும் பயனில்லை.

அப்புறம் ஒரு ஒத்திகை. அம்மாவுக்கு 15 நிமிடம் லொகேஷன் போட்டுவிட்டு, திரையை அணைத்துப் பையில் போட்டு, கடைவீதி வரை ஒரு நடை போய்வாருங்கள். அம்மாவின் போனில் புள்ளி கூடவே நகர்ந்ததா என்று கேளுங்கள். நீங்கள் வீட்டிலேயே நிற்பதுபோல் காட்டியிருந்தால் மேலே சொன்ன முதல் இரண்டில் ஒன்று சரியில்லை. அம்மாவுக்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது: வந்த செய்தியில் "View live location" என்பதைத் தொட்டால்தான் வரைபடம் விரியும், கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது என்பதும் அங்கேதான் தெரியும்.

3. கிளம்பும் நாள் காலையில் முதல் செய்தி

லைவ் லொகேஷனைவிட இந்தச் செய்திதான் முக்கியம். போன் அணைந்தாலும், தொலைந்தாலும், சிக்னல் போனாலும் வீட்டார் கையில் மிஞ்சுவது இதுதான். டிக்கெட்டைப் படமெடுத்து அனுப்பிவிட்டு முடிந்தது என்று நினைக்காதீர்கள். பதற்றத்தில் இருப்பவர் படத்திலிருந்து எண்ணை ஒவ்வொன்றாகப் பார்த்து அழுத்துவது கடினம். எழுத்தாக இருந்தால் எண்ணைத் தொட்டவுடன் கூப்பிடலாம். படத்தையும் அனுப்புங்கள், எழுதியும் அனுப்புங்கள்.

இருவருக்கும் தனித்தனியாக இப்படி அனுப்பலாம்:

இன்று வெள்ளி இரவு சென்னை கிளம்புகிறேன்.
ஏறும் இடம்: காரைக்குடி புதிய பேருந்து நிலையம், 9.30 மணி.
பேருந்து: நிறுவனத்தின் பெயர், ஏ.சி. ஸ்லீப்பர், இருக்கை எண், டிக்கெட் எண்.
நிறுவனத்தின் காரைக்குடி அலுவலக எண்.
வழி: புதுக்கோட்டை, திருச்சி, விழுப்புரம், செங்கல்பட்டு.
இறங்கும் இடம்: கிளாம்பாக்கம், காலை 5.15 வாக்கில்.
அங்கிருந்து: வாடகைக் காரில் வேளச்சேரி விடுதி, 6.15-க்குள்.
விடுதிக் காப்பாளர் எண்.
இன்று போட்டிருக்கும் உடை: பச்சைச் சுடிதார், கறுப்பு முதுகுப்பை.
6.45 வரை என்னிடமிருந்து செய்தி வரவில்லையென்றால் கூப்பிடுங்கள்.

இதில் இரண்டு வரிகளில் புதியவர்கள் கோட்டை விடுவார்கள். ஒன்று, ஏறும் இடம். காரைக்குடி என்று மட்டும் எழுதினால் பழைய பேருந்து நிலையமா, புதியதா, நிறுவனத்தின் அலுவலக வாசலா என்று தெரியாது. ரயிலுக்கும் இது பொருந்தும். தேவகோட்டையில் ஏறுகிறேன் என்று சொன்னால் ஊருக்குள் தேடுவார்கள், ரயில் நிலையமோ ஊரைவிட்டுத் தள்ளித் தேவகோட்டை ரஸ்தாவில் இருக்கிறது.

இன்னொன்று, கடைசி வரி. எந்த நேரத்துக்குப் பிறகு கவலைப்பட வேண்டும் என்பதை நீங்களே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் ஒருவர் ஐந்து மணிக்கே பத்து தடவை கூப்பிட்டு உங்கள் பேட்டரியைத் தீர்ப்பார், இன்னொருவர் தூங்கிக்கொண்டிருப்பாள் என்று மதியம் வரை சும்மா இருந்துவிடுவார்.

4. வீட்டிலிருந்து நிலையம் வரை: ஒரு மணி நேரம் மட்டும்

வீட்டு வாசலில் 8.45-க்கு "1 hour" போடுங்கள். எட்டு மணி நேரத்தை இங்கே செலவழிக்க வேண்டாம். பள்ளத்தூரிலிருந்து காரைக்குடி போய்ச் சேர்ந்து பேருந்து வரும்வரை காத்திருக்க ஒரு மணி நேரம் போதும்.

வழி இதுதான்: அம்மா, அண்ணன் இருவரின் உரையாடலையும் தனித்தனியாகத் திறந்து, ஆண்ட்ராய்டில் பேப்பர் கிளிப் குறி, ஐபோனில் கூட்டல் குறி. அடுத்து Location, "Share live location", நேரம், அனுப்பும் பொத்தான். பக்கத்திலேயே "Send your current location" என்றும் இருக்கும். அது அந்த நிமிடத்து இடத்தை மட்டும் ஒரு தடவை அனுப்பும், நகராது. அவசரத்தில் அதைத் தொட்டுவிட்டால், நீங்கள் இரவு முழுக்கக் காரைக்குடியிலேயே நிற்பதாக வீட்டார் நினைப்பார்கள்.

5. ஏறி உட்கார்ந்ததும் இரண்டாம் செய்தி

வண்டி எண் முன்கூட்டி நிச்சயமாகத் தெரியாது. கிளம்புவதற்குச் சற்று முன்னால் நிறுவனம் எண்ணைக் குறுஞ்செய்தியில் அனுப்பினாலும், கடைசி நேரத்தில் வேறு வண்டி வரலாம். அதனால் பலகையைக் கண்ணால் பார்த்து, குறுஞ்செய்தியோடு ஒப்பிட்டு, அதற்குப் பிறகு ஏறுங்கள். தனியார் பேருந்தில் வேறு மாநில எண் இருப்பதும் உண்டு, ஆகவே TN என்று நீங்களாகவே எழுதிவிடாதீர்கள்.

படம் எடுப்பதென்றால் பின்பக்கம் போய் எடுங்கள். இரவில் முன்பக்கம் ஹெட்லைட் வெளிச்சத்தில் எண் வெள்ளையாகக் கரைந்துவிடும்.

உட்கார்ந்ததும் வண்டி எண், உண்மையில் கொடுத்த இருக்கை, ஓட்டுநர் அல்லது உதவியாளரின் போன் எண், வண்டி எடுத்த நேரம் ஆகிய நான்கையும் எழுத்தில் அனுப்புங்கள். அரைமணி தாமதமாக எடுத்தால் 6.45 என்ற கடைசி நேரமும் 7.15 ஆகிறது. அதையும் இந்தச் செய்தியிலேயே மாற்றிச் சொல்லிவிடுங்கள்.

இப்போது போடுங்கள் "8 hours". 9.40-க்குப் போட்டால் காலை 5.40 வரை ஓடும். பேருந்து நேரத்துக்கு வந்தால் கிளாம்பாக்கத்தில் இறங்கும்வரை தாங்கும். பழைய ஒரு மணி நேரப் பகிர்வு இன்னும் முடியாமல் இருந்தால் "Stop sharing" தொட்டு நிறுத்திவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள்.

இதோடு இன்னொரு அடுக்கும் வைத்துக்கொள்ளச் சொல்வேன். கூகுள் மேப்ஸில் மேலே இருக்கும் உங்கள் படத்தைத் தொட்டு, "Location sharing" போய், அண்ணனின் பெயரைத் தேர்ந்தெடுத்து "Until you turn this off" கொடுங்கள். இதற்கு எட்டு மணி நேர எல்லை கிடையாது. உங்கள் போனில் எத்தனை சதவீதம் சார்ஜ் இருக்கிறது என்பதையும் அது அவருக்குக் காட்டும். புள்ளி நகராமல் நிற்கும்போது, கடைசியாகப் பார்த்தபோது 4 சதவீதம் என்று இருந்தால் காரணம் பாதி புரிந்துவிடும். இருவரிடமும் கூகுள் கணக்கு இருக்க வேண்டும், அவ்வளவுதான். பெரியவர்களுக்கு வாட்ஸ்அப்பே எளிது. மேப்ஸை அண்ணனுக்கு மட்டும் கொடுத்தால் போதும்.

பல்லவன் போன்ற பகல் ரயிலில் போகிறவர்களுக்கு இந்தக் கணக்கு இவ்வளவு நெருக்கடியாக இருக்காது. விடிகாலையில் காரைக்குடியில் எடுத்து நண்பகல் வாக்கில் எழும்பூர் சேரும் வண்டிக்கு எட்டு மணி நேரம் தாங்கும். வண்டி எண், பத்து இலக்க பி.என்.ஆர்., பெட்டி, இருக்கை என்று எழுதி அனுப்பினால், லொகேஷன் நின்றுபோனாலும் ரயில் எங்கே வருகிறது என்பதை வீட்டார் வண்டி எண்ணை வைத்தே பார்த்துக்கொள்ளலாம். ரயிலில் உதவிக்கு 139.

6. புள்ளி நின்றால் என்ன பொருள்: இது வீட்டாருக்கு

இந்தப் பகுதியைப் பார்த்துக்கொள்பவருக்கு அப்படியே அனுப்பிவையுங்கள்.

முதலில் பார்க்க வேண்டியது இடத்தை அல்ல, கடைசியாகப் புதுப்பித்த நேரத்தை. புள்ளி திருமயத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது, புதுப்பித்து நாற்பது நிமிடம் ஆகிறது என்றால், பேருந்து நிற்கிறது என்று பொருளல்ல. பெரும்பாலும் சிக்னலோ டேட்டாவோ இல்லாமல் செய்திதான் நிற்கிறது. பெரிய ஊர் நெருங்கும்போது புள்ளி ஒரே தாவலாக முன்னால் வந்துவிடும். திருமயத்தில் நின்றது புதுக்கோட்டையிலோ திருச்சியிலோ தோன்றினால் அது இயல்பு.

நேரம் சரியாகப் புதுப்பித்துக்கொண்டே இருந்து, இடம் மட்டும் மாறவில்லை என்றால் வண்டி உண்மையிலேயே நிற்கிறது. திருச்சி தாண்டியபின் நெடுஞ்சாலை ஓரத்து உணவகத்தில் இருபது முப்பது நிமிடம் நிற்பது வழக்கம். வரைபடத்தைப் பெரிதாக்கினால் பெரும்பாலும் உணவகத்தின் பெயரே தெரியும்.

புள்ளி சாலையை விட்டு வயலுக்குள் தெரிந்தாலும் உடனே பயப்பட வேண்டாம். தகரக் கூட்டுக்குள் ஜி.பி.எஸ். சரியாகக் கிடைக்காதபோது போன் அருகிலுள்ள டவரை வைத்து இடத்தை ஊகிக்கும், சில நிமிடத்தில் சாலைக்குத் திரும்பிவிடும். திரும்பாமல், ஒவ்வொரு புதுப்பிப்பிலும் நெடுஞ்சாலையை விட்டு விலகிக்கொண்டே போனால் கூப்பிடுங்கள்.

கூப்பிடும் வரிசையையும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். புதுப்பிப்பு வந்துகொண்டே இருந்தும் ஒரே இடத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றாலோ, சொன்ன கடைசி நேரம் தாண்டினாலோ, முதலில் பயணிக்கு. எடுக்காவிட்டால் ஐந்து நிமிடம் கழித்து இன்னொரு முறை. பிறகு ஓட்டுநர் எண், அடுத்து நிறுவன அலுவலகம். யாரிடமிருந்தும் பதில் இல்லையென்றால் 112. அங்கே "என் தங்கையைக் காணவில்லை" என்று மட்டும் தொடங்காதீர்கள். வண்டி எண், எந்தச் சாலை, கடைசியாகப் புள்ளி தெரிந்த இடம், அந்த நேரம், அவள் உடை என்று வரிசையாகச் சொல்லுங்கள். இரண்டு செய்திகளும் கையில் இருந்தால் இதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. பெண்களுக்கான உதவி எண் 181-ம் இருக்கிறது.

7. விடிகாலை: இறங்குவதற்கு முன் மாற்றுங்கள்

4.30-க்கு அலாரம் வையுங்கள். செங்கல்பட்டு வரும் முன்னே எழுந்து, ஓடிக்கொண்டிருக்கும் பகிர்வை நிறுத்தி, புதிதாக "8 hours" போடுங்கள். இறங்கியபின் போடலாம் என்று விட்டால், பையை எடுப்பதும் ஆட்டோக்காரர்கள் சூழ்ந்துகொள்வதுமாக அது மறந்தே போகும். அண்ணனுக்கு "எழுந்துட்டேன், செங்கல்பட்டு" என்று ஒரு வரி. அவர் "பார்த்தேன்" என்று பதில் போட வேண்டும். பதில் வராவிட்டால் அந்தப் பக்கம் யாரும் பார்க்கவில்லை என்று பொருள், உடனே அவரைக் கூப்பிட்டு எழுப்புங்கள். சார்ஜ் 30 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இப்போதே பவர் பேங்கில் மாட்டுங்கள்.

கிளாம்பாக்கத்தில் செயலி வழியே காரோ ஆட்டோவோ பிடித்தால், நிலையத்துக்குள் வெளிச்சமான இடத்தில் நின்றபடியே பதிவு செய்யுங்கள். வண்டி எண்ணையும் ஓட்டுநர் படத்தையும் ஒப்பிட்ட பிறகே ஓ.டி.பி. சொல்லுங்கள். அந்தச் செயலியிலேயே பயணத்தைப் பகிரும் வசதி இருக்கும், அந்த இணைப்பையும் அண்ணனுக்கு அனுப்புங்கள். கையைக் காட்டி ஏறும் ஆட்டோ என்றால், ஏறுவதற்கு முன் எண்ணை எழுத்தில் அனுப்பிவிட்டு, ஓட்டுநர் காதில் விழும்படி "அண்ணே, ஏறிட்டேன், வண்டி நம்பர் அனுப்பியிருக்கேன்" என்று ஒரு வார்த்தை பேசிவிடுங்கள்.

இந்தக் கடைசி ஒரு மணி நேரத்தில் போன் அணைந்தால் என்ன செய்வது? அண்ணன் எண்ணையும் விடுதி எண்ணையும் ஒரு தாளில் எழுதிப் பணப்பையில் வைத்திருங்கள். இப்போது யாருக்கும் எண்கள் மனப்பாடமாக இருப்பதில்லை.

8. சேர்ந்தபின் நிறுத்துங்கள்

அறைக்குள் போய்க் கதவைத் தாழிட்ட பிறகு "ரூமுக்கு வந்துட்டேன்" என்று இருவருக்கும் அனுப்புங்கள். விடுதி வாசலில் நின்றுகொண்டு "வந்துட்டேன்" போடுவதும், பேருந்தை விட்டு இறங்கியதும் போடுவதும் வேண்டாம். அந்தச் சொல் வந்ததும் பார்ப்பவர் போனைக் கீழே வைத்துவிடுவார்.

பிறகு பகிர்வுகளை நிறுத்துங்கள். வாட்ஸ்அப்பில் Settings, Privacy, "Live location" போனால் இன்னும் யாருக்கெல்லாம் ஓடிக்கொண்டிருக்கிறது என்ற பட்டியல் இருக்கும். கூகுள் மேப்ஸ் பகிர்வைத் தனியாக நிறுத்த வேண்டும். "Until you turn this off" என்று கொடுத்தது நீங்கள் நிறுத்தும்வரை ஓடிக்கொண்டே இருக்கும், மாதக்கணக்கில்கூட. முந்தைய நாள் மாற்றிய "Allow all the time" அனுமதியை அடுத்த பயணம் வரை பழையபடி "Allow only while using the app" என்று மாற்றிவைத்துக்கொள்ளலாம். அப்படி மாற்றினால், ஊருக்குத் திரும்பும்போது இரண்டாம் படியிலிருந்து மறுபடி தொடங்குங்கள். காரைக்குடியில் விடிகாலையில் இறங்கிப் பள்ளத்தூர் போகும் அந்த அரை மணி நேரத்துக்கும் பகிர்வு ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.